சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியட்

கேள்வி: எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு டைப் 1 சர்க்கரை. பி.டி. பீரியடில் விளையாட விடலாமா? லோ சுகர் வந்தால் எப்படித் தெரியும், தின்ன என்ன வைத்திருக்கணும்?

விடலாம். நான் மன்னார்குடிப் பக்கம் பி.டி. வாத்தியார். என்னிடமும் இப்படி ஒரு பையன் மூன்று வருடம் படித்தான். முதல் வருடம் நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவன் காலை 7.15க்கு இரண்டு இன்சுலினையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவான். ஒன்று சாதா இன்சுலின், இன்னொன்று பால்போல் கலங்கலாக இருக்கும் என்.பி.எச். என் பீரியட் 11.20க்கு. அதற்குள் இட்லி கரைந்து போயிருக்கும். சாதா இன்சுலின் இன்னும் அடங்கியிருக்காது, என்.பி.எச். அப்போதுதான் வேகம் எடுத்திருக்கும். அந்த நேரத்தில் நான் கபடி ஆட விட்டேன். தசை வேலை செய்தால் அதுவும் சர்க்கரையை இழுக்கும்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் அவன் என்னிடம் முறைத்துக்கொண்டு நின்றான். அவுட் என்றால் இல்லை என்று கத்தினான். அப்புறம் எதிரணிப் பக்கம் போய் நின்றான். திமிர் என்று நினைத்து, "போய் மூஞ்சியக் கழுவிட்டு வாடா" என்று குழாயடிக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். நல்லவேளை, கூட ஆடிய பையன் பின்னாலேயே ஓடினான். மீட்டரில் பார்த்தால் 52.

நம் ஊர் வெயிலில் எல்லாப் பிள்ளைக்கும்தான் வியர்க்கிறது. அதனால் வியர்வையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் பார்ப்பது வேறு. வெளுத்த முகம், தொட்டால் சில்லென்று ஈரமான கை, விரல் நடுக்கம், திடீர்க் கோபம், சொன்னதைச் செய்யத் தடுமாறுவது. வழக்கமாக ஒழுங்காக ஆடுகிறவன் ஒழுங்கில்லாமல் ஆடினால் உடனே நிறுத்தி மீட்டரைப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் லோ. மீட்டர் கையில் இல்லையென்றால் லோ என்றே வைத்துக்கொண்டு சர்க்கரை கொடுத்துவிடுங்கள்.

அன்று இரண்டாவது தப்பும் செய்தேன். கையில் இருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கால் மணி கழித்தும் 58தான். அப்புறம் குளுக்கோஸ் பவுடரைத் தலை தட்டிய தேக்கரண்டியில் மூன்று எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். அது ஏறக்குறைய 15 கிராம். பதினைந்து நிமிடத்தில் 88 வந்தது. சாதாரணச் சர்க்கரையும் அதே அளவு போதும். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கணும். இளநீர் கொடுக்கலாமே என்பார்கள், அதில் சர்க்கரை குறைவு, இதற்குப் பற்றாது. அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது. மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார வைத்து, சோறு சாப்பிட அனுப்பினேன்.

மயங்கிவிட்டாலோ விழுங்க முடியாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகு அவன் அம்மாவையும் டாக்டர் எழுதிய சீட்டையும் வைத்துக்கொண்டு ஒரு வழக்கம் செய்துகொண்டோம். பீரியடுக்குப் பத்து நிமிடம் முன்னால் குத்திப் பார்ப்பான். 90க்குக் கீழே என்றால் குளுக்கோஸ் குடித்து, ஏறியதைப் பார்த்த பிறகுதான் கிரவுண்ட். 90க்கும் 150க்கும் நடுவில் என்றால் ஒரு சின்னப் பூவன் பழம். அதற்கு மேலே 250 வரை ஒன்றும் வேண்டாம், அப்படியே ஆடலாம். 250ஐத் தாண்டி, வயிற்றுவலி, வாந்தி, சோர்வு ஏதாவது இருந்தால் ஓடவே கூடாது, வீட்டுக்குத் தகவல் போகும். இந்த எண்கள் அவனுக்கு எழுதியவை, உங்கள் பையனுக்கு அவன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கடலை மிட்டாயை நான் ஒதுக்கவில்லை. மண்டலப் போட்டிக்காகச் சாயங்காலம் ஒரு மணி நேரம் பயிற்சி இருந்தால், லோ இல்லாதபோது நடுவில் கொடுப்பதற்கு அது சரியாக இருக்கும்.

ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு ஓடினால் இன்சுலின் சீக்கிரம் ஏறும். ஆட்டம் உள்ள நாளில் வயிற்றில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன், அவரும் சரி என்றார்.

குளுக்கோஸ் டப்பா ஆபீஸ் பீரோவில் பூட்டி இருந்தால் பிரயோசனமில்லை. எங்களிடம் விசில், பந்து பம்ப் இருக்கும் பையிலேயே கிடக்கும். வகுப்பு லீடருக்கும் தெரியும்.

இன்னொன்று, ஆடின நாள் ராத்திரியும் லோ வரலாம். செலவழிந்த சர்க்கரையைத் தசை மறுபடி சேர்த்து வைத்துக்கொள்வதால் இப்படி ஆகிறது. நீளமாகப் பயிற்சி செய்த நாளில், வீட்டுக்குக் கிளம்பும்போதே அவன் அம்மாவுக்கு போன் செய்து, "இன்னைக்கு நெறைய ஓடியிருக்கான்மா, படுக்கும்போது ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொல்லிவிடுவேன். இரண்டு முறை 80க்குப் பக்கத்தில் இருந்தது என்று சொன்னார். இரண்டு முறையும் பாலும் இரண்டு இட்லியும் கொடுத்துவிட்டு, நடுராத்திரி எழுப்பி மறுபடி பார்த்திருக்கிறார்.