ஏற்றத்தை மட்டும் வெட்டி எடுக்கச் சந்தா எதற்கு?

கேள்வி: சைக்கிள் பயணத்தின் ஜி.பி.எஸ். பதிவிலிருந்து மலை ஏறிய பகுதியை மட்டும் வெட்டித் தரும் என்று விளம்பரம் செய்த செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். வெட்டிய கோப்பை வேறு தளத்தில் ஏற்றினால் வரைபடத்தில் கோடு தெரிகிறது. வேகம், நேரம், இதயத் துடிப்பு எதுவும் இல்லை. நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?

பதில்: இல்லை. தப்பு உங்கள் பக்கம் இல்லை. வேலைக்கு ஆகாத கோப்பைக் கொடுத்துவிட்டு முழுப் பணமும் வாங்கியிருக்கிறார்கள்.

பயணப் பதிவை எழுத்தாகச் சேமிக்கும் ஜி.பி.எக்ஸ். கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். பயணத்தின் ஒவ்வொரு புள்ளியும் இப்படி இருக்க வேண்டும்:

```
<trkpt lat="..." lon="...">
  <ele>684.2</ele>
  <time>2024-06-08T23:17:18Z</time>
</trkpt>
```

`<ele>` உயரம், `<time>` அந்தப் புள்ளியைக் கடந்த நேரம். வேகம் என்று தனியாகப் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் தூரத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் தளங்கள் கணக்குப் போடுகின்றன. உங்கள் செயலி `<time>` வரிகளை உதறிவிட்டு, பாதையை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறது. வழிகாட்டும் பாதையாக அது உதவும். ஏறிய பதிவாக உதவாது. இதயத் துடிப்பு காணாமல் போனதற்குக் காரணம் வேறு. ஜி.பி.எக்ஸ். வடிவத்தில் அதற்கென்று இடமே கிடையாது. `<extensions>` என்ற ஒட்டுப் பகுதியில்தான் அது வரும். அதைக் கண்டுகொள்ளாத மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிடும். காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள் எனக்கும் இதையே செய்தது. துடிப்பும் மிதிவேகமும் போயே போய்விட்டன.

இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில், செயலி வாங்கிய கடையின் சந்தாப் பக்கத்துக்குப் போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். போனிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. அடுத்த ஆண்டும் பணம் பிடிப்பார்கள். பிறகு, அந்தக் கடையிலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மூலக் கோப்பில் `<time>` இருக்கும் படத்தையும், வெட்டிய கோப்பில் அது இல்லாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். "சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதுவதைவிட இதற்குப் பலன் அதிகம். தாமதித்தால் திரும்பப் பெறும் கெடு தாண்டிவிடும்.

கேள்வி: சரி, காசு கொடுக்காமல் நானே வெட்ட என்ன வழி? ஏற்றத்தின் தொடக்கமும் முடிவும் எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை முயன்றபோது பாதி மலையோடு பதிவு நின்றுவிட்டது.

பதில்: மலை பாதியில் நின்றதற்குக் காரணம் அநேகமாக நேரக் கணக்குதான். இந்த வேலையில் பத்துக்கு ஒன்பது பேர் சறுக்கும் இடம் அது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கோப்பில் உள்ள நேரம் உங்கள் கடிகார நேரம் இல்லை. வரியின் கடைசியில் இருக்கும் `Z` என்ற எழுத்து, அது உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. உங்கள் ஊர் அதைவிட எட்டு மணி நேரம் முந்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 9 காலை 6:05:18க்குக் கிளம்பினால், கோப்பின் முதல் புள்ளியில் ஜூன் 8 இரவு 22:05:18 என்று இருக்கும். நேரம் மட்டுமல்ல, தேதியே மாறிவிடுகிறது. ஆகவே ஊர் நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டாம். கோப்பின் முதல் `<time>` என்ன என்று பார்த்து, அங்கிருந்து எண்ணுங்கள்.

அடுத்த பள்ளம் இன்னும் ஆழமானது. வண்டி நின்ற நேரத்தைக் கழித்துவிட்டு, ஓடிய நேரத்தை மட்டும் காட்டும் தளங்கள் உண்டு. நமக்கு வேண்டியது கிளம்பியதிலிருந்து கழிந்த மொத்த நேரம். ஏற்றம் தொடங்குவதற்கு முன் 14 நிமிடம் எங்கோ இளைப்பாறினீர்கள் என்று வையுங்கள். மலையடிவாரத்தை எட்டும்போது தளம் 58 நிமிடம் என்று காட்டும். உண்மையில் கழிந்தது 1 மணி 12 நிமிடம். ஏற்றம் 34 நிமிடம் என்றால்:

தொடக்கம்: 22:05:18 + 1:12:00 = 23:17:18
முடிவு: 23:17:18 + 0:34:00 = 23:51:18

58 நிமிடத்தை வைத்துக் கூட்டியிருந்தால் 23:03:18க்கு வெட்டத் தொடங்கி 23:37:18க்கு முடித்திருப்பீர்கள். முன்னால் 14 நிமிடச் சமதரை ஒட்டிக்கொண்டு, மலையின் கடைசி 14 நிமிடம் போயிருக்கும். உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு நேரமும் கையில் வந்தபின் வெட்டுவது ஒரே வரி. ஜிபிஎஸ்பேபல் இலவச மென்பொருள். அதை நிறுவிவிட்டு, கணினியின் கட்டளைச் சாளரத்தில் கீழே உள்ள வரியை அடியுங்கள். `ride.gpx` மூலக் கோப்பு, `climb.gpx` புதிதாக உருவாகும் கோப்பு:

```
gpsbabel -t -i gpx -f ride.gpx -x track,start=20240608231718,stop=20240608235118 -o gpx -F climb.gpx
```

ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி எல்லாம் இடைவெளியில்லாமல் வரிசையாக. இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர் வைத்துவிடாதீர்கள், மூலக் கோப்பு அழிந்துவிடும். முடிந்ததும் புதிய கோப்பைத் திறந்து, மூலத்தில் இருந்த துடிப்பு வரிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

வரவில்லை என்றால் நோட்பேடிலேயே கையால் வெட்டலாம். எதுவும் தொலையாத வழி அதுதான். மூலக் கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு `T23:17:` என்று தேடுங்கள். வினாடியோடு தேடினால் கிடைக்காமல் போகலாம். சில கருவிகள் வினாடிக்கு ஒரு புள்ளி எழுதாமல், திசையோ வேகமோ மாறும்போது மட்டும் எழுதும். நேரத்துக்கு மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டுபிடித்து, `<trkseg>` வரிக்குக் கீழிருந்து அந்தப் புள்ளியின் `<trkpt` வரிக்கு முன்பு வரை அழியுங்கள். அதேபோல் கடைசிப் புள்ளியின் `</trkpt>` வரிக்குப் பின்னாலிருந்து `</trkseg>` வரிக்கு முன்பு வரை அழியுங்கள். ஒரு `</trkpt>` குறைந்தாலோ கூடினாலோ கோப்பு திறக்காது. திறக்கவில்லை என்றால் முதலில் வெட்டிய இரண்டு விளிம்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்கள் `gpx.studio` தளத்தில் கோப்பைத் திறந்து, கத்தரிக்கோல் படமுள்ள கருவியை எடுத்து, இரு முனைக் குமிழ்களை இழுத்துவிட்டு வெட்டலாம். அதுவும் இலவசம்தான்.

கேள்வி: இதற்காக ஏற்றங்களைக் காட்டும் புதிய சைக்கிள் கணினி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குறிக்கும் லேப் பொத்தான் இருக்கும் கருவியிலேயே அநேகமாக இருக்கும். அடிவாரத்தில் ஒரு அழுத்து, உச்சியில் ஒரு அழுத்து.

கேள்வி: கருவியிலிருந்து வந்த கோப்பு `.fit` என்று முடிகிறது. நான் வாங்கிய மென்பொருள் ஜி.பி.எக்ஸ். மட்டும்தான் எடுக்குமாம். பெயரை `.gpx` என்று மாற்றியும் திறக்கவில்லை. மென்பொருள் மோசம்தானே?

பதில்: மென்பொருள் என்ன செய்யும்? எந்த வகைக் கோப்பை எடுக்கும் என்பது வாங்கும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். கருவியிலிருந்து எந்த வகை வருகிறது என்பதும் உங்கள் கையிலேயே இருந்தது. இரண்டையும் ஒருதரம் ஒப்பிட்டிருந்தால் போதும்.

பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. ஃபிட் என்பது எழுத்தாகப் படிக்க முடியாத இரும வடிவம். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். நடுவே கைவைத்தால் அந்த எண் பொருந்தாமல் கோப்பே பழுது என்று சொல்லிவிடும். அதனால் நோட்பேடில் திறந்து வெட்டவும் முயலாதீர்கள். பயணத்தை ஏற்றிவைத்திருக்கும் தளத்திலிருந்து ஜி.பி.எக்ஸ். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு மேலே சொன்னபடி வெட்டலாம். நீங்கள் வாங்கிய மென்பொருள் அதற்கும் தேவைப்படாது.

கேள்வி: நண்பரும் நானும் சேர்ந்தே ஏறினோம். அவர் வெட்டிய பதிவில் சராசரிச் சரிவு 6%, என்னுடையதில் 5.3%. என் கருவியை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியது வெட்டிய இடம். ஏறிய உயரம் 410 மீட்டர், தூரம் 6.8 கி.மீ. என்றால் சரிவு 6%. அடிவாரத்துக்கு முன்னுள்ள சமதரையில் 900 மீட்டரைச் சேர்த்து வெட்டிவிட்டால் தூரம் 7.7 கி.மீ. ஆகிவிடும். உயரம் அதே 410தான், சரிவு 5.3% என்று வரும். அந்த 900 மீட்டரை ஓட்ட இரண்டு நிமிடம் ஆகியிருந்தால் ஏறும் வேகமும் குறையும். 34 நிமிடத்துக்கு மணிக்கு 724 மீட்டர் உயரம் என்று வர வேண்டியது, 36 நிமிடத்துக்கு 683 என்று வரும். கால்கள் இரண்டிலும் ஒரே வேலைதான் செய்திருக்கின்றன.

உயரக் கோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளியைத் தொடக்கமாக வைக்காதீர்கள். சமதரையில் அந்தக் கோடு ஓரிரு மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தாழ்ந்த புள்ளி எங்கே வேண்டுமானாலும் விழலாம். வரைபடத்தில் அடையாளம் தெரியும் ஒரு பாலத்தையோ சந்திப்பையோ இருவரும் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஏற்றம் என்று மென்பொருள் காட்டும் எண்ணையும் ஒப்பிட வேண்டாம். சின்னச் சின்ன அசைவுகளை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக வடிகட்டுவதால், ஒரே கோப்புக்கே வேறு வேறு எண் வரும். நடுவில் இறக்கம் இல்லாத மலை என்றால் உச்சியின் உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழியுங்கள், போதும்.

கேள்வி: ஒரே பயணத்தில் இரண்டு மலை. நடுவில் உள்ள சமதரையை நீக்கினேன். இரண்டுக்கும் இடையே வயல்வெளியைக் கிழித்துக்கொண்டு நேர்கோடு ஒன்று ஓடுகிறது. அதை அழித்துத் தருவதாக ஒரு மென்பொருள் பணம் கேட்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். ஒரே `<trkseg>`க்குள் அடுத்தடுத்து இருக்கும் இரு புள்ளிகளை எல்லா மென்பொருளும் கோடிட்டு இணைக்கும். அந்தக் கோட்டின் நீளம் தூரக் கணக்கில் சேர்ந்துவிடும். முதல் மலை உச்சிக்கும் இரண்டாம் மலை அடிவாரத்துக்கும் இடையில் போன நேரமும் சேர்ந்துவிடும். மூலக் கோப்பிலிருந்து இரண்டு முறை வெட்டி, இரண்டு தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.