கலெக்டர் வந்தாரா, வந்தார்களா, வந்தாங்களா?

"எங்கள் ஊர் வார இதழுக்குச் செய்தி எழுதுகிறேன். அதையே கைப்பேசியில் வாசித்து வீடியோவாகவும் போடுகிறோம். பெண் கலெக்டரை 'வந்தார்' என்று எழுதினால் மரியாதை போதவில்லை என்கிறார்கள். 'வந்தார்கள்' என்றால் நாலைந்து பேர் வந்த மாதிரி இருக்கிறது. வீடியோவில் 'வந்தாங்க' என்று சொல்லலாமா? லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட அதிகாரிக்கும் 'ஆர்' போட்டுத்தான் எழுத வேண்டுமா?"
– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

'வந்தார்' என்றே எழுதுங்கள். கலெக்டர் ஆணோ பெண்ணோ, செய்தியில் அதுவே முழு மரியாதை. அது குறைவாகத் தோன்றுவதற்குக் காரணம் நம் பேச்சு வழக்கு. பேச்சில் ஆணை 'அவரு வந்தாரு' என்றும், பெண்ணை 'அவங்க வந்தாங்க' என்றும் மரியாதையாகச் சொல்கிறோம். ஒரு பெண்மணியைப் பற்றி 'வந்தாரு' என்று யாரும் பேசுவதில்லை. அதனால் பெண் அதிகாரியைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் காதில் 'வந்தாங்க' ஒலிக்கிறது. அதை அப்படியே எழுத்துக்கு மாற்றினால் 'வந்தார்கள்' என்று வந்து நிற்கிறது. தவறு நடப்பது இந்த இடத்தில்தான். பேச்சின் 'வந்தாங்க' எழுத்தில் இரண்டாகப் பிரியும்: ஒருவர் என்றால் 'வந்தார்', பலர் என்றால் 'வந்தார்கள்' அல்லது 'வந்தனர்'.

'ஆர்' என்ற விகுதியே ஆதியில் பலரைக் குறித்ததுதான். ஒருவரைப் பன்மையில் சொல்வது உயர்வு கருதி வழக்கில் வந்தது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே பேசுகிறது. அந்தப் பன்மை ஒருவருக்குரிய மரியாதையாக நிலைத்துவிட்ட பிறகு, உண்மையான பன்மையைக் காட்ட 'கள்' சேர்ந்தது. இப்போது அந்தக் 'கள்'ளையும் மரியாதைக்கே செலவழித்துவிட்டால், எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்ல நம் கையில் விகுதி மிஞ்சாது. 'ஆட்சியர் ஏரியைப் பார்வையிட்டார்கள்' என்று படிப்பவர், கூட வந்தவர்கள் யார் என்று தேடுவார்.

உங்கள் அலுவலகத்தில் 'வந்தார்கள்' கேட்பவர்கள் பெரும்பாலும் அரசின் செய்தி வெளியீட்டைப் பார்த்துப் பழகியவர்களாக இருப்பார்கள். அதில் 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள் நலத்திட்ட உதவிகளை வழங்கினார்கள்', 'மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது' என்றுதான் இருக்கும். அது அலுவலக நடை. ஓர் அலுவலகம் தன் மேலதிகாரியைக் குறிப்பிடும் நடை. செய்திக்கு எடுக்கும்போது 'மாண்புமிகு', 'திரு', 'அவர்கள்', வினையில் ஒட்டிய 'கள்' நான்கையும் சேர்த்தே நீக்கிவிட வேண்டும். பாதி நீக்கிப் பாதி விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. 'அவர்கள்' போய்விடும், 'வழங்கினார்கள்' தங்கிவிடும். அதனால் வெளியீட்டைச் சுருக்கிய பிறகு வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். கீழிருந்து படித்தால் கதை உங்களை இழுத்துக்கொண்டு போகாது, தங்கிப்போன 'கள்' கண்ணில் படும். 'அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது' என்பதை 'தொடங்கி வைத்தார்' ஆக்கிவிடுங்கள்.

இனி, குறிப்பேட்டிலிருந்து செய்திக்கு வரும் வழியைப் பார்ப்போம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கேட்டதை இப்படிக் குறித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

"கலெக்டர் வந்தாங்க, மனு வாங்குனாங்க. ஒரு பாட்டி ஏரிக்கரை உடைஞ்சு கெடக்குன்னு சொன்னாங்க. இன்ஜினியர்ட்ட ஏன் இன்னும் சரி பண்ணலைன்னு கேட்டாங்க. டெண்டர் விட்டாச்சு, ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சிடுவோம்னாரு."

எழுத்தில் இது:

"குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியர் மனுக்களைப் பெற்றார். ஏரிக்கரை உடைந்து கிடப்பதாக மூதாட்டி ஒருவர் முறையிட்டார். இன்னும் ஏன் சரிசெய்யவில்லை என்று பொறியாளரிடம் ஆட்சியர் கேட்டார். டெண்டர் விட்டாகிவிட்டது, இரண்டு வாரத்தில் ஆரம்பித்துவிடுவோம் என்று பொறியாளர் பதிலளித்தார்."

இந்த மாற்றத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். குறிப்பில் 'கேட்டாங்க' என்று மட்டும் இருக்கிறது. கேட்டது பாட்டியா, கலெக்டரா? கூட்டத்தில் இருந்த உங்களுக்குத் தெரியும்; இரவு பத்து மணிக்கு அதைச் செய்தியாக்கும் இன்னொருவருக்குத் தெரியாது. அவர் பாட்டி கேட்டதாக எழுதிவிட்டால் செய்தியே மாறிவிடும். 'ஆங்க' என்று முடியும் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் 'க', 'பா' என்று ஓர் எழுத்தாவது போட்டு வையுங்கள். பலர் என்றால் எண்ணிக்கையைக் குறியுங்கள்.

இரண்டாவது, பேச்சில் 'அவரு' என்றால் பொறியாளர், 'அவங்க' என்றால் கலெக்டர் என்று காது பிரித்துக்கொள்கிறது. எழுத்தில் இருவருமே 'அவர்'. மேலே கடைசி வாக்கியத்தில் 'அவர் பதிலளித்தார்' என்று போட்டிருந்தால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். பேச்சு கொடுத்த அடையாளம் எழுத்தில் தொலைகிறது. அதைப் பதவிப்பெயரைத் திரும்பச் சொல்லித்தான் ஈடுகட்ட வேண்டும். ஒரே பத்தியில் ஆட்சியர் என்று மூன்று முறை வந்தால் அழகு கெடுகிறதே என்று நினைக்காதீர்கள். ஆனால் ஒரே செய்தியில் ஓரிடத்தில் ஆட்சியர், இன்னோரிடத்தில் கலெக்டர் என்று மாற்றாதீர்கள். இரண்டு பேர் போலாகிவிடும். ஆர்.டி.ஓ. என்று சுருக்கி எழுதுவதையும் விட்டுவிடுங்கள். வருவாய்க் கோட்டாட்சியரும் ஆர்.டி.ஓ.தான், வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் ஆர்.டி.ஓ.தான்.

பொறியாளர் சொன்னதை எழுத்து நடைக்கு மாற்றும்போது விகுதியை மாற்றலாம், சொன்ன பொருளை மாற்றக்கூடாது. 'ஆரம்பிச்சிடுவோம்' என்பது 'ஆரம்பித்துவிடுவோம்' ஆகலாம். 'பணிகள் நிறைவடையும்' ஆகக்கூடாது. 'பாக்கலாம்' என்று ஓர் அதிகாரி சொன்னால் அது 'பார்க்கலாம்'தான். 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என உறுதியளித்தார்' அல்ல. செந்தமிழாக்கும் வேகத்தில் அதிகாரிகள் கொடுக்காத வாக்குறுதிகளை நிருபர்களே கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் ஊர்க்காரர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவார். மேற்கோளில் யாரையும் தனியாகப் பிரிக்கவும் வேண்டாம். அதிகாரியின் பேச்சைத் திருத்தி எழுதிவிட்டு, பாட்டியின் பேச்சை மட்டும் 'உடைஞ்சு கெடக்குதுங்கம்மா' என்று விடுவது பாட்டியைச் சிறுமைப்படுத்தும். விட்டால் இருவருக்கும் விடுங்கள், மாற்றினால் இருவருக்கும் மாற்றுங்கள்.

இதில் ஒரே விலக்கு 'நீ'. மனு கொடுக்க வந்த பெரியவரிடம் ஓர் அதிகாரி 'நீ ஏன் இங்க வந்தே?' என்று கேட்டிருந்தால் எழுத்தில் 'நீ ஏன் இங்கே வந்தாய்?' என்று போடுங்கள். 'நீங்கள் ஏன் வந்தீர்கள்?' என்று போட்டால் நடந்ததை மறைத்துவிட்டீர்கள். அதிகாரியைப் பற்றி நீங்கள் எழுதும் வினையில் மரியாதை இருக்கட்டும்: 'நீ ஏன் இங்கே வந்தாய் என்று வட்டாட்சியர் கேட்டார்.' அவர் வாயில் நீங்களாக மரியாதையை வைக்க வேண்டாம்.

வீடியோவுக்கு வருவோம். அங்கே பேச்சு நடை, எழுத்து நடை என்று முடிவெடுப்பதற்கு முன் சொல் வேறு, விகுதி வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'தெரிவித்துள்ளார்' எழுத்துச் சொல், எழுத்து விகுதி. 'சொல்லியிருக்காங்க' பேச்சுச் சொல், பேச்சு விகுதி. இடையில் 'சொன்னார்' இருக்கிறது: எல்லோரும் பேசும் சொல், எழுத்து விகுதி. செய்தி வாசிப்புக்கு இதுவே பொருத்தம். 'ஆய்வு மேற்கொண்டார்' என்பதை 'ஆய்வு செய்தார்' ஆக்குங்கள். 'நேரில் சென்று பார்வையிட்டார்' என்பதை 'நேரில் போய்ப் பார்த்தார்' ஆக்குங்கள். விகுதியைத் தொடாமலே வாசிப்பு இளகிவிடும். எண்ணிக்கைக் குழப்பமும் வராது. கேட்பவர் திரும்பிப் படித்துப் பார்க்க முடியாது என்பதால் வாசிப்பில் அது முக்கியம்.

களத்திலிருந்து நேரடியாகப் பேசும்போது 'கலெக்டர் வந்திருக்காங்க' என்று தாராளமாகச் சொல்லலாம். அங்கே 'வந்துள்ளார்'தான் ஒட்டாமல் நிற்கும். ஆனால் தொடங்கிய நடையிலேயே முடியுங்கள். 'தெரிவித்தாங்க' என்பதுபோல் எழுத்துச் சொல்லில் பேச்சு விகுதி ஒட்டினால் இரண்டு பக்கமும் சேராது. கூட வந்தவர்களைச் சொல்லும்போது மட்டும் 'கலெக்டரும் இன்னும் 3 அதிகாரிகளும் வந்திருக்காங்க' என்று எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள்.

மரியாதை விகுதி ஆளுக்கு மட்டும், அமைப்புக்கு இல்லை. 'காவல் துறை கைது செய்தனர்', 'குழு ஆய்வு செய்தனர்' இரண்டும் பிழை. காவல் துறை கைது செய்தது, காவல் துறையினர் கைது செய்தனர். குழு ஆய்வு செய்தது, குழுவினர் ஆய்வு செய்தனர்.

லஞ்ச வழக்குக்கும் 'ஆர்'தான். 'கிராம நிர்வாக அலுவலர் கைது செய்யப்பட்டார்' என்பதில் உள்ள 'ஆர்' அவர் நல்லவர் என்ற சான்றிதழ் இல்லை. வளர்ந்தவர் எவரையும் குறிக்கும் பொது விகுதி அது. 'கைது செய்யப்பட்டான்' என்று எழுதினால் வழக்கு நடக்கும் முன்பே நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். குற்றச்சாட்டின் கனத்தை விகுதியில் ஏற்றாமல் வாக்கியத்தில் வையுங்கள்: 'பட்டா மாற்றத்துக்கு 5,000 ரூபாய் லஞ்சம் வாங்கியதாகக் கிராம நிர்வாக அலுவலரை லஞ்ச ஒழிப்புப் போலீசார் கைது செய்தனர்.' 'வாங்கியதாக' என்ற சொல் போனால் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். அது இருக்க வேண்டும்.

அதே வழக்கில் பிடிபட்ட இடைத்தரகரையும் பாருங்கள். அதிகாரிக்கு 'ஆர்' போட்ட கை, அடுத்த வரியில் தரகரை 'என்பவன் பிடிபட்டான்' என்று எழுதிவிடுவது உண்டு. பதவிக்கு ஒரு விகுதி, பதவி இல்லாதவருக்கு ஒரு விகுதி என்றாகிவிடும். 'இருவரும் கைது செய்யப்பட்டனர்' என்று ஒரே வினையில் சேர்த்தால் அந்தச் சிக்கல் எழாது. தனித்தனியாக எழுத வேண்டி வந்தால் தரகருக்கும் 'என்பவர்' போடுங்கள். தெருவைக் கூட்டும் பணியாளருக்கும் மனு கொடுக்க வந்த கூலித் தொழிலாளிக்கும் இதே 'ஆர்' உங்கள் இதழில் கிடைக்கட்டும். பிறகு கலெக்டருக்கு 'வந்தார்' போதாது என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், அதே பக்கத்தில் தெரு கூட்டியவர் எப்படி 'வந்தார்' என்பதைக் காட்டுங்கள்.