பனியன் கம்பெனியில் முதலுதவி: எத்தனை பேர், பெட்டியில் என்ன, சூடு பட்டால், வெட்டினால்

திருப்பூர் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஆலை மருத்துவ அறையில் நெடுங்காலம் பணியாற்றி இப்போது முதலுதவிப் பயிற்சி தரும் செவிலியர் பதில் சொல்கிறார்.

கேள்வி (மனிதவள அலுவலர், அவிநாசி): எங்க யூனிட்ல மொத்தம் 180 பேர். பகல்ல 130, ராத்திரி 50. கீழ்த்தளம் கட்டிங், முதல் மாடி தையல், ரெண்டாவது மாடி அயர்னிங், பேக்கிங். முதலுதவிக்கு எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுக்கணும்?

பதில்: 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் 150 பேருக்கு ஒரு பெட்டி என்று வைத்தது. அந்தப் பெட்டிக்கு, சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருந்து, வேலை நேரம் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கணக்கில் உங்களுக்கு ஒரு பெட்டி, ஷிஃப்டுக்கு ஒரு ஆள் போதும். அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் கீழான மாநில விதிகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விதியும் சொல்வது குறைந்தபட்சம்தான்.

நீங்கள் தலைகளை எண்ணுகிறீர்கள். நான் நிமிடங்களை எண்ணச் சொல்வேன். துணி அறுக்கும் பேண்ட் நைஃப் கையில் பட்டவருக்கு, ரத்தத்தை அழுத்திப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் ஓரிரு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். அவர் இரண்டாவது மாடியில் பேக்கிங்கில் இருந்தால், ஆள் போய்ச் சொல்லி, அவர் இறங்கி வருவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு தளத்திலும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் இருக்க வேண்டும். அவர் சாப்பிடப் போவார், லீவு எடுப்பார், தீபாவளிக்கு முன் வேலையையே விட்டுப் போவார். அதனால் தளத்துக்கு இரண்டு பேர்.

பகலில் மூன்று தளம், ஆறு பேர். ராத்திரியில் தையலும் அயர்னிங்கும் மட்டும் ஓடுகிறது என்றால் நான்கு பேர். மொத்தம் பத்து. பிரிட்டனின் வழிகாட்டுதலில், ஆபத்து அதிகமுள்ள வேலையிடத்தில் 50 பேரைத் தாண்டினால் ஐம்பது பேருக்கு ஒருவராவது என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தாலும் உங்கள் பகல் ஷிஃப்டில் எந்நேரமும் மூன்று பேர் வேண்டும். முதலாளி பத்துக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், கட்டிங் தளத்தையும் ராத்திரி அயர்னிங்கையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆள் தேர்வில் இரண்டு விஷயம். தையல் மாடியில் பெரும்பாலும் பெண்கள் என்றால் அங்கே பெண் ஒருவர் கட்டாயம். மேல்சட்டையைத் தளர்த்த வேண்டிய காயத்தை ஆண் சூப்பர்வைசரிடம் காட்டத் தயங்கி மறைப்பார்கள். ஒடியா, இந்தி பேசுகிற தொழிலாளர்கள் இருந்தால் அவர்களிலும் ஒருவருக்குப் பயிற்சி கொடுங்கள். பயத்தில் இருப்பவருக்குத் தன் மொழியில் சொன்னால்தான் கை நீட்டுவார்.

கேள்வி (கணக்காளர், பெருமாநல்லூர்): 150 பேருக்கு ஒரு பெட்டின்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் பத்துப் பெட்டி எதுக்கு வாங்கணும்? செலவு யாரு பாக்கறது?

பதில்: பத்து என்று சொன்னது ஆட்களை, பெட்டியை அல்ல. பெட்டி தளத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று. அதிலும் கட்டிங்கில் வைக்கும் பெட்டியும் அயர்னிங்கில் வைக்கும் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை.

கேள்வி (ஸ்டோர் பொறுப்பாளர்): கடையில ரெடிமேட் பெட்டி வாங்கினோம். பிளாஸ்திரி, பஞ்சு, டிங்க்சர்னு நிறைய இருக்கு. வேற என்ன வேணும்?

பதில்: அந்தப் பெட்டியைத் திறந்து, போன வருஷம் உங்கள் இடத்தில் நடந்த காயங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். எது தீர்ந்திருக்கும்? சின்ன பிளாஸ்திரி சீக்கிரம் தீரும், ஆனால் உயிர் காப்பது பெரிய டிரஸ்ஸிங். கட்டிங் பெட்டியில் உறை பிரிக்காத பெரிய, நடுத்தர டிரஸ்ஸிங்குகள் கூடுதலாக வேண்டும். இறுக்கிக் கட்ட அகலமான ரோலர் கட்டு, முக்கோணத் துணி, துணியை வெட்ட முனை மழுங்கிய கத்தரி, மூன்று நான்கு ஜோடி கையுறை, பீறிடும் ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டை ஒன்று, துண்டான விரலை எடுத்துப்போக மூடும் பிளாஸ்டிக் பை. அயர்னிங் பெட்டியில் ஒட்டாத தீக்காய டிரஸ்ஸிங், உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒரு சுருள். பஞ்சை மட்டும் திறந்த காயத்தின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். இழை ஒட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கும்.

பழைய விதிப் பட்டியல்களில் பாம்புக்கடிக்குக் கீறும் கத்திகூட இருந்தது. இன்று யாரும் கீறக் கூடாது. ஆய்வாளர் கேட்பார் என்று பழைய பட்டியலை அப்படியே நிரப்பி, உண்மையில் வேண்டியதை விட்டுவிடும் கம்பெனிகளைப் பார்க்கிறேன்.

பெட்டிக்குப் பூட்டு போடாதீர்கள். சாவி மேனேஜர் மேசையில் இருக்கும், மேனேஜர் வங்கிக்குப் போயிருப்பார்.

கேள்வி (அயர்ன் மாஸ்டர்): ஸ்டீம் அயர்ன் முன்னங்கையில பட்டுச்சுன்னா நாங்க உடனே டூத்பேஸ்ட் தடவுவோம். ஊர்ல இட்லி மாவு வைப்பாங்க. சில்லுன்னு இருக்குமுங்க. அது தப்பா?

பதில்: சில்லென்று இருப்பது சரிதான் அண்ணா, தோலுக்கு வேண்டியதும் குளிர்ச்சிதான். ஆனால் மாவும் பேஸ்ட்டும் கொஞ்ச நேரத்தில் சூடாகிக் காய்ந்து, தோலோடு ஒட்டிவிடும். உள்ளே போன சூட்டை ஓடும் தண்ணீர்தான் இழுத்துக்கொண்டு போகும். இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் காட்டினால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், ரத்த ஓட்டம் சுருங்கிக் காயம் ஆழமாகும்.

உங்கள் மாடியில் ஒரு சிக்கல் இருக்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் கொதிப்பாக வரும். அந்தத் தண்ணீரில் கையை நீட்டினால் சூட்டின் மேல் சூடு. திறந்துவிட்டு, மறு கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த பிறகே காட்ட வேண்டும். அதுவரை குடிநீர் கேனைச் சரித்து ஊற்றுங்கள். அயர்னிங் தளத்தில் நிழலில் எப்போதும் இரண்டு கேன் நிரம்பியிருக்கட்டும்.

தண்ணீர் ஓடும்போதே வளையல், மோதிரம், கடிகாரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். இருபது நிமிடம் ஆனதும் பிளாஸ்டிக் படலத்தை நீளவாக்கில் மேலே போர்த்துங்கள், சுற்றி இறுக்கக் கூடாது. விரல், உள்ளங்கை என்றால் புதிய சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையுறை மாதிரி மாட்டலாம். களிம்பு பூசினால் டாக்டருக்கு ஆழம் தெரியாது, அதை அவர் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பட்டவரின் சொந்த உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரி. முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு என்றால் எவ்வளவு சிறிதானாலும் ஆஸ்பத்திரி. வெள்ளையாகவோ கருகியோ இருந்து வலியே இல்லை என்றால் மகிழ வேண்டாம், நரம்பே வெந்திருக்கிறது. பாய்லர் ஆவி உடம்பில் பெரிய பரப்பில் அடித்திருந்தால், தண்ணீர் காட்டும்போதே காயம் படாத பகுதியைப் போர்த்துங்கள், உடல் மொத்தமும் குளிர்ந்து நடுங்க விடக் கூடாது.

கேள்வி (சாயப்பட்டறை சூப்பர்வைசர்): நீங்க சொன்ன இருபது நிமிஷம் காஸ்டிக் சோடாவுக்குப் பத்தாது. பட்ட இடம் சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும். அது போற வரைக்கும் நாங்க விடறதில்ல. பொடியா விழுந்தா முதல்ல தட்டிவிட்டுத்தான் தண்ணி. சரிதானே?

பதில்: முழுக்கச் சரி. அமிலத்தைவிடக் காரம் தோலுக்குள் இறங்கிக்கொண்டே போகும், அதனால் நேரம் நீளும். இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். காஸ்டிக் பட்டதற்கு அசிட்டிக் ஆசிட் ஊற்றி "முறிக்க" யாரையும் விடாதீர்கள். இரண்டும் சேரும்போது எழும் சூடே இன்னொரு காயம். நனைந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே தண்ணீர் ஓட வேண்டும். கண்ணில் தெறித்திருந்தால் இமையை விரலால் திறந்து பிடித்து, பாதித்த கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்துக் கழுவுங்கள். வண்டி ஏறிய பிறகும் கழுவிக்கொண்டே போக வேண்டும்.

கேள்வி (கட்டிங் மாஸ்டர்): பேண்ட் நைஃப்ல மணிக்கட்டு வெட்டினா, மேல கயிறு கட்டி, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தளர்த்தி விடணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.

பதில்: மேலே கட்டுவது பாதி சரி, தளர்த்துவது இப்போது கிடையாது. தளர்த்தும் ஒவ்வொரு முறையும் நின்ற ரத்தம் மறுபடி பீறிடும்.

முதல் வேலை கட்டு அல்ல, அழுத்தம். ஆளை உட்கார வையுங்கள், மயக்கம் வந்தால் படுக்க வையுங்கள். கையுறை போட்டு, பெரிய டிரஸ்ஸிங்கை வெட்டின் மேல் வைத்து, உள்ளங்கையால் முழு பலத்தோடு பத்து நிமிடம். நடுவில் "நின்னுடுச்சா" என்று தூக்கிப் பார்த்தால், உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஆரம்பத்திலிருந்துதான். துணி நனைந்து வழிந்தால் உங்கள் கை சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். துணி மேல் துணியாக அடுக்கிக்கொண்டு போனால் அழுத்தம் பரவிப் போகும். பீறிடும் இடத்தைக் கண்டு அங்கே நேராக அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

அப்படியும் பீய்ச்சியடித்தால்தான் டூர்னிகே. வெட்டுக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மேல் அல்ல. கயிறும் கம்பியும் சதையை அறுக்கும், பட்டைதான் வேண்டும். ரத்தம் நிற்கும் வரை இறுக்கி, கட்டிய நேரத்தை அதன் மேலேயே எழுதுங்கள். ரொம்ப வலிக்கும், வலிக்கிறது என்று தளர்த்தாதீர்கள். அழுத்தத் தொடங்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைத்து, வாசலில் நிற்க வேண்டும்.

விரல் துண்டாகிவிட்டால், நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் ஐஸைத் தொட்டால் திசு உறைந்து செத்துவிடும். அறுவை நடக்கலாம் என்பதால் ஆளுக்குச் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (பவர்டேபிள் டெய்லர்): அக்கா, எனக்கு ரத்தமே அதிகம் வரல. ஊசி நகத்தோட ஏறி உடைஞ்சிடுச்சு. சூப்பர்வைசர் இடுக்கியில பாதிய எடுத்துட்டாரு. ரெண்டு நாளா குத்துது.

பதில்: இன்றே போய் எக்ஸ்-ரே எடுத்துக்கொள் அம்மா, டி.டி. ஊசியும் கேள். மிச்சத் துண்டு உள்ளே இருக்கலாம். உங்கள் கம்பெனியில் உடைந்த ஊசியைச் சேர்த்து ஒட்டி வைக்கும் பதிவேடு இருந்தால், அந்தத் துண்டுகளையும் டாக்டரிடம் காட்டு. எவ்வளவு குறைகிறது என்று தெரியும். ஏறிய ஊசியை இயந்திரத்தோடு வைத்துப் பிடுங்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி ஊசியை மேலேற்றி விரலை விடுவிக்கலாம். உடைந்து உள்ளே நின்றால் தொடாமல், சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அனுப்ப வேண்டும்.

கேள்வி (மனிதவள அலுவலர், மறுபடி): பெட்டியில தலைவலி மாத்திரை வைக்கலாமா? தினமும் கேக்கறாங்க.

பதில்: சட்டம் விதித்த பொருள்களைத் தவிர வேறெதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது என்று அதே 45-ஆம் பிரிவு சொன்னது. நான் வைக்க வேண்டாம் என்பேன். ஒவ்வாமை யாருக்கு என்று முதலுதவியாளருக்குத் தெரியாது.

சாயப்பட்டறை சூப்பர்வைசர்: அப்படிச் சொன்னா ராத்திரி ஷிஃப்ட்ல பொண்ணுங்க பெட்டிக்கடையில பேர் தெரியாத மாத்திரைய வாங்கிப் போடறாங்களே. அது பரவாயில்லையா?

பதில்: அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தனி அலமாரியில், கம்பெனி டாக்டர் எழுதிக்கொடுத்த பாராசிட்டமால் மட்டும், கேட்டு எழுதிக் கொடுக்கும் பதிவேட்டோடு வைக்கும் இடங்கள் உண்டு. உங்கள் டாக்டர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றால் செய்யுங்கள், முதலுதவிப் பெட்டிக்குள் வேண்டாம்.