வங்கி இணைப்பில் எந்த சிஸ்டத்தை மூடுவது? பி.காம். படித்த மகளுக்கு வந்திருக்கும் வேலை

பி.காம். முடித்த மகளுக்கு ஐ.டி. நிறுவனத்தில் 'கேப்பபிலிட்டி மேப்பிங்' வேலை வந்திருக்கிறது, கோடிங் இல்லாத வேலை நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை என்னவென்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஒரு நிறுவனம் என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் எந்த சிஸ்டம் செய்கிறது என்று பொருத்திப் பார்ப்பதுதான் அது. வங்கி இணைப்பை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும்.

இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்தது. இரண்டிலும் மைய மென்பொருள் ஒன்றேதான், டி.சி.எஸ். நிறுவனத்தின் 'பேங்க்ஸ்'. அப்படியும் இரண்டையும் ஒன்றாக்கி முடிக்க 2021 பிப்ரவரி ஆகிவிட்டது. எந்த வங்கியிலும் மைய மென்பொருளைச் சுற்றிப் பல சின்ன சிஸ்டங்கள் இருக்கும். இணைப்புக்குப் பிறகு அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்பதுதான் கேள்வி.

சிஸ்டங்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய முடியாது. வங்கி என்னென்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். யார் செய்கிறார், எதில் செய்கிறார் என்பதெல்லாம் பிறகு.

நகைக்கடனையே எடுத்துக்கொள்வோம். 'கடன் வழங்கல்' என்று ஒரே கட்டமாகப் போட்டால், இரு வங்கிகளின் சிஸ்டங்களும் ஒரே வேலையைச் செய்வதாகத் தெரியும். ஒன்றை மூடச் சொல்லிவிடுவார்கள். அதையே நகை மதிப்பீடு, பொட்டல எண் பதிவு, வட்டிக் கணக்கு, ஏல நோட்டீஸ், நகையைத் திருப்பித் தருதல் என்று பிரித்தால் கதை மாறும். மூட நினைத்த பழைய சிஸ்டம்தான் ஏல நோட்டீஸ் அனுப்புகிறது, மற்றதில் அந்த வசதியே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும். பிரிக்காமல் மூடியிருந்தால், தவணை தவறிய கடன்களுக்கு நோட்டீஸ் போகாமல் ஏலமே சட்டச் சிக்கலில் மாட்டும். அதற்காக எல்லாவற்றையும் நுணுக்கிப் பிரித்துக்கொண்டே போகவும் கூடாது. 'இதை எந்த சிஸ்டம் செய்கிறது' என்ற கேள்விக்கு இரு வங்கிகளின் பதிலும் எந்த மட்டத்தில் வேறுபடுகிறதோ, அங்கே நிறுத்தினால் போதும்.

லாகின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'யாரும் பயன்படுத்தவில்லை' என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. யாருமே திறக்காத சிஸ்டம் ஒன்று இரவுதோறும் இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பிக்கொண்டிருக்கலாம். மார்ச் இறுதியில் மட்டும் வேலை செய்வதும் உண்டு. அதனால் ஒரு முழு நிதியாண்டின் பதிவுகளையும், உள்ளே வரும், வெளியே போகும் கோப்புகளையும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மூடுவதென்றால் அன்றைக்கே அணைத்துவிடுவதில்லை. நகைக்கடன்கள் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் முடிந்துவிடும். புதுக் கடனை ஒரே சிஸ்டத்தில் போட்டு, பழையவை தானாக முடியும்வரை மற்றதை ஓடவிடுவது பல நேரம் தரவை மாற்றுவதைவிடப் பாதுகாப்பானது. பிறகும் பதிவுகளைப் படிக்க மட்டும் திறக்கும்படி வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களைக் கணக்கு முடிந்து 5 ஆண்டு வரை வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது.

இந்த வேலையில் கோடிங்கைவிடக் கணக்குப்பதிவும் கிளை நடைமுறையும் தெரிந்தவர்களுக்குத்தான் கை ஓங்கும். சேர்வதற்குள், தெரிந்த வங்கிக் கிளை ஒன்றில் நகைக்கடன் கேட்டு வருபவர் நுழைவதிலிருந்து நகையை மீட்பதுவரை நடப்பதைக் கேட்டு, ஒவ்வொரு படிக்கும் எந்தத் திரை, எந்தப் பதிவு நோட்டு என்று எக்செல்லில் எழுதச் சொல்லுங்கள். நோட்டில் மட்டும் இருக்கும் படிகளைத் தனி நிறத்தில் குறிக்கட்டும்; எந்த சிஸ்டத்தின் பட்டியலிலும் அவை வராது.