மயக்கவியல் வேலைக்கான கடிதத்தில் கேஸ் அனுபவத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: மயக்கவியலில் முதுகலை முடித்து மூன்று வருடம் ஆகிறது. பிரசவப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். சிறப்புப் பிரிவு, பார்த்த கேஸ்கள், ஆன்-கால் பற்றி என்ன எழுத வேண்டும்?

நானும் மயக்கவியல்தான். எங்கள் துறைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, யாரை நேர்காணலுக்கு அழைக்கலாம் என்று சொல்லும் பொறுப்பு எனக்கு உண்டு. படிக்கும்போது மனதில் ஓடுவது இதுதான்: நடுராத்திரியில் அவசர சிசேரியன் வந்தால் இவரை நம்பித் தனியாக விடலாமா?

சிறப்புப் பிரிவுக்கு இரண்டு வரி போதும். பட்டம், முடித்த வருடம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண், பதிவு எதுவரை செல்லும் என்பது. நெர்வ் பிளாக்கில் ஆர்வம் உண்டு என்று எழுதாதீர்கள். எந்தெந்த பிளாக்கை அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தனியாகப் போடுவீர்கள் என்று எழுதுங்கள்.

கடிதம் நிற்பதும் விழுவதும் கேஸ் அனுபவத்தில்தான். "2,000 கேஸ்களுக்கு மேல் பார்த்திருக்கிறேன்" என்றால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. என்ன கேஸ், அதில் உங்கள் பங்கு என்ன என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் பக்கத்திலேயே நின்றாரா, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருந்தாரா, நீங்கள் மட்டும்தானா? மூன்றும் வேறு வேறு. உதாரணத்துக்கு இப்படி:

"கடந்த 12 மாதங்களில் 310 சிசேரியன்களுக்கு மயக்க மருந்து கொடுத்துள்ளேன். 288 ஸ்பைனல், 22 முழு மயக்கம். இவற்றில் 240 கேஸ்களைத் தனியாகச் செய்தேன். மூத்த மருத்துவர் அழைத்தால் வரும் நிலையில் வீட்டில் இருந்தார். நஞ்சுக்கொடி கருப்பைத் தசைக்குள் ஊடுருவிய கேஸ்களில் உதவியாளராக மட்டுமே இருந்துள்ளேன். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தனியாகக் கொடுத்ததில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதப் பலருக்கும் தயக்கம். எனக்கு நம்பிக்கை வருவதே அங்கேதான். எல்லை தெரிந்தவர் சரியான நேரத்தில் உதவிக்குக் கூப்பிடுவார். அந்த 22-உம் முக்கியம். முழு மயக்கம் கொடுத்த அனுபவமே இல்லாதவர், ஸ்பைனல் பிடிக்காதபோதோ தொப்புள்கொடி முன்னால் சரிந்து வரும்போதோ என்ன செய்வார் என்ற கேள்வி எழும். எண்கள் உங்கள் லாக்புக்கோடு அப்படியே பொருந்த வேண்டும், நேர்காணலில் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்போம்.

அப்புறம், ஒரே ஒரு கேஸை மூன்று நான்கு வரியில் சொல்லுங்கள். "ஸ்பைனல் போதுமான அளவு ஏறவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டிருந்ததால் மறுபடி முயலாமல் முழு மயக்கத்துக்கு மாறினேன். முதல் முயற்சியில் டியூப் போகவில்லை. உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, வீடியோ லாரிங்கோஸ்கோப் வைத்து இரண்டாவது முயற்சியில் போட்டேன்." இதில் எந்த இடத்தில் எதை முடிவு செய்தீர்கள் என்பது தெரிகிறது. அரிதான நோயைப் போய்த் தேடாதீர்கள். அரிதான நோயோடு தேதியும் ஊரும் சேர்ந்தால் பெயர் இல்லாமலே நோயாளி யார் என்று தெரிந்துவிடும். தேதி, ஊர், சரியான வயது எதுவும் வேண்டாம்.

ஆன்-கால் பத்தியில் "எந்த நேரமும் தயார்" என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். டியூட்டி பட்டியல் போடுபவருக்கு இது எதற்கும் உதவாது. உயிருக்கு உடனடி ஆபத்துள்ள சிசேரியனில், முடிவெடுத்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுப்பதுதான் பரவலாக வைத்திருக்கும் இலக்கு. வீட்டிலிருந்து வர 40 நிமிடம் ஆகுமென்றால், எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த டியூட்டிக்கு ஆகாது. அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தில் சொல்லுங்கள்:

"இரவில் 15 நிமிடத்தில் வந்து சேர முடியும். பிரசவப் பிரிவு டியூட்டியில் மருத்துவமனையிலேயே தங்கத் தயார். வாரம் இரண்டு இரவுகள், மாதம் ஒரு வார இறுதி பார்க்க முடியும். இரவு முழுதும் வேலை செய்த மறுநாள் காலை, திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளுக்கு என்னைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு எந்த மருத்துவமனையிலும் எனக்கு ஆன்-கால் இல்லை."

மறுநாள் காலை பற்றிய அந்த வரியைப் பார்த்து யாரும் உங்களை ஒதுக்க மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தூங்காத மருத்துவரை மறுநாளும் டேபிளில் நிறுத்துகிற இடம் அது என்றால், சேரும் முன்பே தெரிவது உங்களுக்கும் நோயாளிகளுக்கும் நல்லது. வேறு இடத்தில் ஆன்-கால் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரே இரவில் இரண்டு இடத்திலிருந்தும் அழைப்பு வரும் நாள் கண்டிப்பாக வரும்.

இதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். லாக்புக் சுருக்கத்தைத் தனித்தாளாக இணையுங்கள். பரிந்துரைக்கு உங்கள் துறைத் தலைவரோடு, இரவு டியூட்டியில் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் பெயரையும் கொடுங்கள். நான் முதலில் போன் போடுவது அவருக்குத்தான்.