ஊசிக்குப் பிறகு அந்த அரை மணி நேரம்

"ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். தலை சுற்றினால் அது பயமா, அலர்ஜியா?"

ஆபத்தான அலர்ஜி பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தலைகாட்டிவிடும். முதலில் துளி மருந்து போட்டுப் பார்க்கும் டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் காத்திருங்கள்.

பயத்தில் வரும் மயக்கத்தில் முகம் வெளுத்து வியர்க்கும், நாடி மெதுவாகும், படுத்தால் சீக்கிரம் சரியாகிவிடும். அலர்ஜி பல சமயம் உள்ளங்கை அரிப்பில் தொடங்கும். அப்புறம் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை இறுக்கம், குரல் கரகரப்பு. நாடி வேகமாக அடிக்கும். தடிப்பே இல்லாமலும் வரலாம்.

சந்தேகம் வந்ததுமே நர்ஸைக் கூப்பிடுங்கள். வாந்தி வருகிறது என்று தனியாகக் கழிவறைக்குப் போகவே கூடாது. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென விழும். காப்பாற்றும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். அலர்ஜிக்குத் தரும் அவில் மருந்து அரிப்பைத்தான் குறைக்கும்.