தட்டில் உணவை அடுக்குவதும் தொழில்தான்: செங்கோட்டைத் தாயாருக்கு

அன்புள்ள அம்மா, புளியரைப் பக்கத்து சின்ன ஹோட்டலில் சேர்ந்த உங்கள் மகன், மூன்று மாதமாகியும் "மல்லித்தழை தூவத்தான் விடுறாங்க" என்று சொல்வதாக வருத்தப்பட்டிருந்தீர்கள். தட்டில் உணவை அடுக்கிவைப்பதைச் சரியாகக் கற்றால் அவன் சமையலையே கற்றுவிடுவான். அவியலை வைத்தே சொல்கிறேன். முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் நம்முடையது. கேரளத்திலிருந்து ஆரியங்காவு தாண்டி வருகிறவர்கள் அவியலைப் பார்த்த பார்வையிலேயே எடைபோட்டுவிடுவார்கள்.

மதியம் ஒரு மணிக்கு மேல் பல கடைகளில் அவியல் குழைந்து, பழுப்பேறி, நீர் விட்டுப் பொரியலோடு கலந்துவிடும். மேலே எவ்வளவு மல்லி தூவினாலும் அது மறையாது. கோளாறு அடுப்பிலேயே நடந்துவிட்டது. பச்சைக் காயை மூடிபோட்டு வெகுநேரம் வேகவிட்டாலும், புளிப்பில் ஊறவிட்டாலும் பச்சை நிறம் மங்கிவிடும். தயிர் கொதித்தால் திரிந்து தண்ணீர் பிரியும்.

அவனை வீட்டில் இப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காய்களை இரண்டு அங்குல நீளத்தில் ஒரே கனத்தில் நறுக்கட்டும். சேனையும் வாழைக்காயும் முதலில், கேரட்டும் முருங்கைக்காயும் அடுத்து, பீன்ஸ் அதற்குப்பின், தடியங்காய் கடைசியில். தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்தால் போதும். தேங்காய், சீரகம், பச்சைமிளகாயைக் கரகரப்பாக அரைத்துச் சேர்த்து, அடுப்பை அணைத்து சூடு தணிந்தபின் தயிரை ஊற்றட்டும். கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைக் குலுக்கினால் காய் உடையாது. கடையிலானால் பாதி அவியலைத் தயிர் சேர்க்காமல் தனியே எடுத்துவைத்து, இரண்டாம் பந்திக்குச் சூடாக்கி, இறக்கியபின் தயிர் விடலாம். இதை முதலாளியிடம் அவனே சொல்லிப் பார்க்கட்டும்.

இனி பரிமாறுவது. கண்கரண்டியில் அள்ளி, நீர் வடிந்ததும் ஒரு குவியலாக வைக்க வேண்டும். பரப்பினால் ஆறிய கூழ் மாதிரி தெரியும். மேலாக ஒரு முருங்கைத் துண்டும் ஒரு கேரட்டும் தெரியும்படி இருக்கட்டும். பக்கத்துப் பொரியலுக்கும் இதற்கும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். பரிமாறும் நேரத்தில் கிள்ளிய கறிவேப்பிலையும் அரைத் தேக்கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெயும் போட்டால் பளபளப்பும் வாசனையும் ஒன்றாய் வரும். அவியலுக்கு அலங்காரம் அவ்வளவுதான். அதில் சேராத தக்காளிப் பூவும் வெள்ளரிச் சுருளும் எனக்குப் பிடிக்காது, சாப்பிடுகிறவர் அதை ஒதுக்கித்தான் வைப்பார். கடைசியில் தட்டின் விளிம்பைச் சுத்தமான ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். இதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

மல்லித்தழை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கழுவி, நன்றாக உலர்த்தி, கூர்மையான கத்தியால் அப்போதைக்கப்போது நறுக்கட்டும். மொட்டைக் கத்தி தழையை நசுக்கும், கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். காலையிலேயே நறுக்கிக் கிண்ணத்தில் வைப்பதுதான் தப்பு.

இரண்டு வாரம் தினமும் ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து படமெடுக்கட்டும். ஐடிஐயில் உணவு தயாரிப்புப் பிரிவுக்கோ வேறு ஹோட்டலுக்கோ போகும்போது முதல் நாள் படத்தையும் கடைசி நாள் படத்தையும் சேர்த்துக் காட்டலாம். அதற்குமுன் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.